எண்ணை மாற்றினால் விடை வருமா?

பேரியல் பொருளாதாரத்தில் பெருக்கி பற்றிய அத்தியாயத்துக்கு ஃபிளாஷ் கார்டு எழுத உட்கார்ந்தால், முன்பக்கத்தில் 'பெருக்கி என்றால் என்ன?', பின்பக்கத்தில் பாடநூலின் இரண்டு வரி என்றுதான் கை முதலில் எழுதும். நாலு நாளில் அந்த இரண்டு வரியும் மனப்பாடம் ஆகிவிடும். பெருக்கி புரிந்ததா என்பது மட்டும் தெரியாது. கலைச்சொல்லை அறிய அப்படி ஓர் அட்டை இருக்கலாம், ஒன்று போதும்.

அடுத்த அட்டையில் ஒரு கணக்கை வைக்கலாம். அரசு சாலை போட 100 கோடி ரூபாய் செலவிடுகிறது. கையில் கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயிலும் மக்கள் 80 காசைச் செலவழித்து 20 காசைச் சேமிக்கிறார்கள். மூன்று சுற்றில் வருமானம் எவ்வளவு கூடும்? 100, அதில் 80, அந்த 80-இல் 64. ஆக 244 கோடி. சுற்றுகள் தொடர்ந்தால் மொத்தம் 500 கோடியை நெருங்கும். k = 1/(1 − MPC) என்ற சூத்திரமும் பெருக்கி 5 என்றே சொல்கிறது. ஆனால் சூத்திரத்தை மட்டும் அறிந்தவரால் 244-ஐச் சொல்ல முடியாது. ஒருவர் செலவுதான் இன்னொருவர் வருமானம் என்பது பிடிபட்டால்தான் அது வரும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது அட்டை. அரசு சாலை போடாமல், அதே 100 கோடியை வரிக்குறைப்பாகக் கொடுத்தால்? பலரும் தயங்காமல் 500 என்பார்கள். விடை 400. சாலைக்குச் செலவிட்ட 100 கோடி முழுதும் முதல் சுற்றிலேயே யாரோ ஒருவரின் வருமானமாகிறது. வரிக்குறைப்பில் மக்கள் 20 கோடியை முதலிலேயே சேமித்துவிடுகிறார்கள், ஆட்டம் 80-இல்தான் தொடங்குகிறது. பின்பக்கத்தில் 400 என்று எழுதினால் போதாது, இந்தக் காரணத்தையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எண் சரியாக வந்து காரணம் வராவிட்டால், அதைத் தவறென்றே கொள்ள வேண்டும்.

இன்னோர் அட்டை சூத்திரத்தின் எல்லையைக் கேட்கட்டும். ஆலைகள் எல்லாம் முழுத்திறனில் ஓடுகின்றன, வேலை தேடுவோரும் அநேகமாக இல்லை. இப்போதும் உற்பத்தி 500 கோடி கூடுமா? கூடாது. கூடுதல் தேவை பெரும்பாலும் விலையைத்தான் ஏற்றும். கீன்ஸ் 1936-இல் தம் நூலை வெளியிட்டபோது கண்முன் இருந்தது பெருமந்தம். ஆட்களும் இயந்திரங்களும் சும்மா கிடந்த காலம் அது.

'பெருக்கியை விளக்குக' போன்ற அகலமான கேள்வி அட்டைக்கு ஆகாது. விடை சரியா தவறா என்று உங்களுக்கே தீர்ப்புச் சொல்ல வராது.

நல்ல அட்டையும் நாளடைவில் கெட்டுப்போகும். 'வரிக்குறைப்பு' என்ற சொல்லைப் பார்த்ததுமே, கேள்வியைப் படித்து முடிக்குமுன் 400 என்று வாய் சொன்னால் அட்டையின் முகம்தான் நினைவில் நிற்கிறது. 80 காசை 50 ஆக்கிப் பாருங்கள். சாலைக்கு 200, வரிக்குறைப்புக்கு 100 என்று வராவிட்டால், பழைய அட்டையை எடுத்துவிட்டு இதை அடுக்கில் சேர்த்துவிடலாம்.