மெத்தையின் எடையைக் கேளுங்கள்

வாங்கும் முன் – 17

போன வாரம் கட்டில் மரத்தைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் அதன் மேல் விரிக்கப்போகும் மெத்தை. இப்போது பலரும் மெத்தையைத் தொட்டுப் பார்க்காமலேயே வாங்குகிறோம். கைப்பேசித் திரையில் வரும் ஐந்தாறு வரிகளை நம்பிப் பணம் கட்டுகிறோம். மெத்தையும் பாய் மாதிரி சுருட்டி, காற்றை உறிஞ்சிய பிளாஸ்டிக் உறைக்குள் வீடு வந்து சேர்கிறது. அந்த ஐந்தாறு வரிகளில் எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் கேள்வி.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். “ஆர்த்தோ மெமரி ஃபோம் மெத்தை, கிங் சைஸ், 78×72×6 அங்குலம், மீடியம் ஃபர்ம், 100 இரவு சோதனை, 10 வருட வாரன்ட்டி.” இதில் நீளம், அகலம், கனம் மூன்றும் டேப் வைத்து அளந்து பார்க்கக்கூடியவை. சோதனையும் வாரன்ட்டியும் எழுத்தில் உள்ள நிபந்தனைகள், படித்துப் பார்க்கக்கூடியவை. ‘ஆர்த்தோ’, ‘மீடியம் ஃபர்ம்’ ஆகிய இரண்டும் விற்பவர் தரும் பட்டங்கள்.

முதலில் அளவு. இதில் உங்கள் வீட்டுக் கட்டில்தான் எஜமான். நம் ஊர் ஆசாரிகள் கட்டிலை அடிக்கணக்கில் செய்வார்கள். ஆறடி என்றால் 72 அங்குலம், ஆறேகால் அடி என்றால் 75, ஆறரை அடி என்றால் 78. மூன்றுமே புழக்கத்தில் இருக்கின்றன. அதனால் ‘கிங்’, ‘குயின்’ என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. கிங் என்ற ஒரே பெயரில் 72×72, 75×72, 78×72 மூன்றும் கிடைக்கும். வெளிநாட்டு அளவு வேறு. அமெரிக்க கிங் 80×76. பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

கட்டிலை அளக்கும்போது சட்டத்துக்கு வெளியே அளக்காமல், மெத்தை உட்காரும் உள்பக்கத்தை அளக்க வேண்டும். தலைமாட்டில், நடுவில், கால்மாட்டில் என்று மூன்று இடங்களில் அகலத்தை அளந்து, குறைவாக வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கையால் செய்த கட்டிலில் கால் அங்குலம், அரை அங்குலம் வித்தியாசம் இருப்பது சகஜம். கால்மாட்டிலும் பலகை வைத்த 75 அங்குலக் கட்டிலில் 78 அங்குல மெத்தையைப் போட்டால் நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கும். ஃபோம் என்பதால் அமுக்கித் திணித்துவிடலாம் என்று தோன்றும். திணிக்கலாம். ஆனால் ஓரங்கள் மடங்கிய நிலையிலேயே அழுந்தி, சீக்கிரம் கெட்டுப்போகும்.

அப்படியானால் 75 அங்குலத்துக்குத் தனியாகச் செய்து தரச் சொல்லலாமே? பல கம்பெனிகள் செய்து தருகின்றன. இங்கேதான் அளவும் சோதனை நிபந்தனையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. சொல்லிச் செய்த அளவுகளுக்கு 100 இரவு சோதனை கிடையாது என்ற வரி பல நிபந்தனைப் பட்டியல்களில் இருக்கிறது. காரணம் புரியக்கூடியதுதான், உங்கள் கட்டிலுக்கு வெட்டியதை வேறு யாருக்கு விற்பார்கள்? ஆகவே உங்கள் கட்டிலின் அளவு கம்பெனியின் வழக்கமான பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்த அளவைத் தயாராக வைத்திருக்கும் இன்னொரு கம்பெனியைத் தேடுவது நல்லது.

அடுத்து கனம். ஆறு அங்குலத்துக்கும் எட்டு அங்குலத்துக்கும் உள்ள வித்தியாசம் தூக்கத்தில் தெரிகிறதோ இல்லையோ, முழங்காலில் தெரியும். கட்டில் 16 அங்குல உயரம் இருந்து, மேலே எட்டு அங்குல மெத்தை போட்டால் 24 அங்குலம். விளிம்பில் உட்காரும் பாட்டிக்குக் கால் தரையில் படாது. இரவில் எழுந்திருக்கும்போது இது ஆபத்து. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும். அதுதான் கனத்துக்கான உச்ச வரம்பு.

கனம் கூடினால் விரிப்பும் மாற வேண்டியிருக்கும். 72 அங்குல அகல மெத்தை எட்டு அங்குலக் கனம் என்றால், இரண்டு பக்கச் சரிவையும் சேர்த்து 88 அங்குலம் மூட வேண்டும். வீட்டில் இருக்கும் 90 அங்குல டபுள் விரிப்பில் பக்கத்துக்கு ஓர் அங்குலம்தான் மிஞ்சும். இரவில் ஒருமுறை புரண்டால் உருவிக்கொண்டு வந்துவிடும். 108 அங்குல விரிப்பு என்றால் பக்கத்துக்குப் பத்து அங்குலம் உள்ளே செருகலாம். எலாஸ்டிக் வைத்த விரிப்பு வாங்கினால் எத்தனை அங்குலக் கனம் வரைக்கும் என்று அதில் போட்டிருப்பதைப் பார்க்க வேண்டும்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம்: உள்ளே என்ன இருக்கிறது?

‘மெமரி ஃபோம் மெத்தை’ என்றால் ஆறு அங்குலமும் மெமரி ஃபோம் என்று அர்த்தமில்லை. மேலே ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோதான் அது. கீழே இருப்பது சாதாரண பாலியூரிதேன் ஃபோம் அல்லது வெட்டு ஃபோம் துண்டுகளைப் பசை போட்டு அழுத்திய ரீபாண்டட் ஃபோம். இதில் தவறில்லை. எல்லாமே மெமரி ஃபோமாக இருந்தால் உடல் புதைந்துவிடும். ஆனால் அடுக்குவாரியாக எத்தனை அங்குலம், என்ன டென்சிட்டி என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாத பட்டியலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

டென்சிட்டி என்பது ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. கடைக்காரர்கள் ‘32 டென்சிட்டி’, ‘40 டென்சிட்டி’ என்பது இதைத்தான். டென்சிட்டி கூடினால் மெத்தை கெட்டியாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, 40 டென்சிட்டியில் மெத்தென்ற ஃபோமும் உண்டு, கெட்டியான ஃபோமும் உண்டு. டென்சிட்டி பெரும்பாலும் உழைப்பைச் சொல்கிறது. குறைந்த டென்சிட்டி ஃபோம் புதிதில் நன்றாகத்தான் இருக்கும். சீக்கிரமே படுக்கும் இடம் பள்ளமாகிவிடும்.

போட்டிருக்கும் டென்சிட்டி நிஜம்தானா என்று வீட்டிலிருந்தபடியே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. பட்டியலின் அடியில் பல இடங்களில் மெத்தையின் எடையும் போட்டிருப்பார்கள். இலவம் பஞ்சு மெத்தை வாங்கிய நம் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. “எத்தனை கிலோ பஞ்சு?” என்று கேட்டுவிட்டுத்தான் விலையே பேசுவார்கள். ஃபோமுக்கும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

நீளம், அகலம், கனம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61,024ஆல் வகுத்தால் கனமீட்டர் கிடைக்கும். 78×72 மெத்தையில் ஓர் அங்குல அடுக்கு 0.092 கனமீட்டர். நம் மாதிரி மெத்தையில் மேலே ஓர் அங்குலம் 50 டென்சிட்டி மெமரி ஃபோம், கீழே ஐந்து அங்குலம் 32 டென்சிட்டி ஃபோம் என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். மேல் அடுக்கு 4.6 கிலோ. கீழ் அடுக்கு 14.7 கிலோ. உறைத்துணிக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ சேர்த்தால் மொத்தம் 21 கிலோ அளவில் வர வேண்டும்.

பட்டியலில் 15 கிலோ என்று இருந்தால்? உறையையும் மெமரி ஃபோமையும் கழித்தால் கீழ் அடுக்குக்கு மிஞ்சுவது 8.4 கிலோ. அதை 0.46 கனமீட்டரால் வகுத்தால் 18 டென்சிட்டி. அதாவது 32 என்று எழுதிவிட்டு 18 போட்டிருக்கிறார்கள், அல்லது எடையைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள். எது என்று எழுத்தில் கேளுங்கள். மெத்தை வந்ததும் வீட்டு எடை இயந்திரத்தில் ஒருவர் தனியாக ஏறி நின்று, பிறகு சுருட்டிய மெத்தையைத் தூக்கிக்கொண்டு நின்றால் வித்தியாசம் தெரிந்துவிடும். உறையைப் பிரிக்கும் முன்பே இதைச் செய்யுங்கள்.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. எடை குறைந்தால் ஃபோம் குறைவு என்பது நிச்சயம். எடை சரியாக இருந்தால் தரமும் சரி என்று சொல்லிவிட முடியாது. ஃபோம் செய்யும்போது சுண்ணாம்புப் பொடி கலந்து எடையைக் கூட்டும் பழக்கமும் தொழிலில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஃபோம் சீக்கிரம் தன் துள்ளலை இழக்கும்.

கெட்டித்தன்மையைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பத்துக்கு ஆறு, பத்துக்கு ஏழு என்று கம்பெனிகள் போடும் மதிப்பெண்ணுக்குப் பொது அளவுகோல் கிடையாது. 50 கிலோ எடையுள்ளவருக்குக் கெட்டியாகத் தெரியும் மெத்தை 90 கிலோ உள்ளவருக்கு மெத்தென்று இருக்கும். முதுகுவலிக்குப் பலகை மாதிரி மெத்தைதான் நல்லது என்ற நம்பிக்கையும் அவ்வளவு உறுதியானதல்ல. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடந்த ஆய்வு 2003-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கு 90 நாள் கழித்து வலி குறைவாக இருந்தது. உங்கள் உடம்புக்கு எது சரி என்பது படுத்துப் பார்த்தால்தான் தெரியும். சோதனைக் காலம் அதற்குத்தான்.

அந்த நிபந்தனைகளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். கம்பெனியின் சொந்தத் தளத்தில் வாங்கினால் மட்டும்தான் சோதனையா, பொதுச் சந்தைத் தளத்தில் வாங்கினாலும் உண்டா? பணம் திரும்ப வருமா, வேறு மெத்தைதான் தருவார்களா? கறை பட்டால் என்ன ஆகும்? கறை பட்ட மெத்தையைத் திரும்ப எடுப்பதில்லை என்பது பரவலான நிபந்தனை. முதல் இரவே பாதுகாப்பு உறை போட்டுவிடுங்கள்.

வாரன்ட்டியில் பள்ளத்தின் ஆழம் முக்கியம். ஓர் அங்குலத்துக்கு மேல் பள்ளம் விழுந்தால்தான் மாற்றுவோம் என்பது போல எழுதியிருப்பார்கள். ஆள் யாரும் படுக்காத நிலையில், மெத்தையின் குறுக்கே நேரான கம்பை வைத்து, நடுவில் அடிக்கோலை இறக்கி அளந்து படம் எடுத்து வையுங்கள். கட்டிலின் குறுக்குச் சட்டங்களுக்கு இடையே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் மெத்தை அதனாலேயே தொய்யும். வாரன்ட்டி கேட்டால் கட்டிலைக் காரணம் காட்டுவார்கள். ஒரு பிளைவுட் பலகை போட்டு, காற்றுப் போகச் சில துளைகள் இட்டால் போதும்.

கடைசியாக ஒன்று. பணம் கட்டும் முன் பட்டியலின் முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 2020-ம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்க முடியாது. 100 இரவு சலுகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த உரிமை உண்டு. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

அடுத்த வாரம்: தலையணை.