ரப்பர் ஸ்டாம்புக்குத் தனி லோகோ

டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பின் பாண்டா லோகோவை 1961இல் வரைந்தவர், அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பீட்டர் ஸ்காட். கறுப்பு மை மட்டும் போதும், அச்சுச் செலவு குறையும் என்பதும் பாண்டாவைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். இப்படி ஒற்றை நிறத்துக்கென்றே பிறந்த லோகோவும் கறுப்புத் துணியில் சிக்கிக்கொள்ளும். வெள்ளையைக் கறுப்பாக, கறுப்பை வெள்ளையாக அப்படியே புரட்டினால் கண்ணைச் சுற்றியுள்ள திட்டு வெளுத்து, முகம் கறுத்து, போட்டோ நெகட்டிவ் போலாகிவிடும். வெள்ளைக் கட்டம் ஒன்று போட்டு அதன்மேல் பாண்டாவை வைப்பதே நல்லது.

வெறும் எழுத்தாக இருந்தால் தாராளமாகப் புரட்டலாம். ஆனால் கறுப்புத் திரையில் ஒளிரும் வெள்ளை எழுத்து, உள்ளதைவிடத் தடிப்பாகத் தெரியும். அதற்குக் கோட்டைச் சற்று மெலிய வைப்பார்கள். காகிதத்தில் நடப்பது நேர்மாறு. சுற்றியுள்ள கறுப்பு மை கசிந்து வெள்ளைக் கோட்டைத் தின்றுவிடும். அங்கே கோட்டைத் தடிக்க வைக்க வேண்டும்.

ரப்பர் ஸ்டாம்புதான் கடினமான சோதனை. ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையின் லோகோவை எடுத்துக்கொள்வோம். பச்சை வட்டம், அதற்குள் மஞ்சள் நிலக்கடலை, கீழே ‘எண்ணெய்’ என்ற எழுத்து. ஸ்டாம்பில் சாம்பல் நிறம் கிடையாது. மை படும், இல்லை படாது, அவ்வளவுதான். இரண்டு நிறத்தையும் கறுப்பாக்கினால் கடலை வட்டத்துக்குள் மறைந்துபோகும். வட்டத்தை வெறும் கோடாக்கி, கடலையை மட்டும் நிரப்பி, இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும்.

அந்த இடைவெளி எவ்வளவு? பத்து சென்டிமீட்டர் அகலத்தில் வரைந்த லோகோவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தெளிவாகவே தெரியும். அதை இரண்டரை சென்டிமீட்டர் ஸ்டாம்பாகச் சுருக்கினால் கால் மில்லிமீட்டர்தான் மிஞ்சும். நாலு முறை குத்தியதும் மை அடைத்துக்கொள்ளும். ஸ்டாம்பு அளவிலேயே அரை மில்லிமீட்டர் இருக்கும்படி திருத்தி வரைய வேண்டும். நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம் என்பது கூடுதல் தொல்லை. ‘ண்ணெ’யின் சுழிகள் மூடிக்கொள்ளும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கி, சுழியை அகலப்படுத்தி, புள்ளியைக் கொஞ்சம் மேலே தூக்க இடம் வேண்டும். அதற்காக வட்டத்தையே எடுத்துவிட்டாலும் தப்பில்லை.

பிரவுசர் டேப்பில் வரும் பதினாறு பிக்சல் சதுரத்தில் எழுத்துக்கு இடமே இல்லை. கடலை மட்டும், அதுவும் மேல்தோல் கோடுகள் இல்லாமல்.

லோகோ வரைபவரிடம் வண்ணப் படத்தோடு நிற்காதீர்கள். ஒற்றைக் கறுப்பு, இருண்ட பின்னணிக்கானது, ஸ்டாம்புக்கானது, எல்லாவற்றையும் எஸ்விஜி அல்லது வெக்டர் பிடிஎஃப் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். ஸ்டாம்பு செய்யக் கொடுக்கும் முன் அதே அளவில் ஒரு பிரிண்ட் எடுத்து, அதை இரண்டு முறை ஜெராக்ஸ் போட்டுப் பாருங்கள். சுழி மூடியிருந்தால் ரப்பரிலும் மூடும்.