ஒரே அளவாகத் தெரியும் இரு கொத்துகள்

டி-ஸ்னீ வரைபடத்தில் ஒரு புள்ளிக்கூட்டம் பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் தெரிந்தால், முதலாவது அதிகம் சிதறிய தரவு என்று நினைத்துவிடுகிறோம். அப்படி நினைக்க ஆதாரமில்லை.

தலா நூறு புள்ளிகள் கொண்ட இரண்டு குழுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மற்றதைப் போலப் பத்து மடங்கு பரந்தது. டி-ஸ்னீயில் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்து நிற்கும். 2008-இல் வான் டெர் மாட்டனும் ஹின்டனும் வெளியிட்ட இம்முறை, ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி அளவுகோல் வைத்துக்கொள்கிறது. 'பெர்ப்ளெக்ஸிட்டி' 30 என்றால், ஏறத்தாழ முப்பது அண்டைப்புள்ளிகள் கணக்கில் வரும்வரை அந்த அளவுகோல் நீளும் அல்லது குறுகும். நெரிசலான இடத்தில் சில மில்லிமீட்டர், வெறிச்சோடிய இடத்தில் சில மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அடர்த்தி வேறுபாடு அங்கேயே கரைந்துவிடுகிறது.

கொத்துகளுக்கு இடையிலான தூரமும் நம்பத்தக்கதல்ல. தொலைவில் உள்ள இரு புள்ளிகள் அண்டையாக இருக்கும் நிகழ்தகவு கிட்டத்தட்ட பூஜ்ஜியம். ஐந்து மடங்கு தொலைவானாலும் அதே பூஜ்ஜியம்தான். ஆகவே எந்தக் கொத்து எங்கே போய் உட்காருகிறது என்பதைத் தொடக்க நிலையே பெரிதும் தீர்மானிக்கிறது.

சோதிக்க வழி உண்டு: பெர்ப்ளெக்ஸிட்டியை 5, 30, 50 என மாற்றி, தொடக்க எண்ணையும் மாற்றி, மீண்டும் வரையுங்கள். இடைவெளிகள் இடம் மாறினால் அவற்றைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள். உண்மையான தூரம் வேண்டுமென்றால் மூலத் தரவிலேயே அளந்துகொள்ளலாம்.