மொழி புரியாத திரையில் எதை வாசிப்பது?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பல வீடுகளில் ஒரு லப்டொப்பாவது வெளிநாட்டிலிருந்து வந்ததாக இருக்கும். ஜேர்மனியிலோ பிரான்ஸிலோ இருக்கும் உறவினர் பாவித்த மெஷினை விடுமுறைக்கு வரும்போது கொண்டுவருகிறார். கூடவே லினக்ஸ் மின்ட் ஏற்றிய ஒரு பென் டிரைவும் வருகிறது. அதைச் செருகி இன்ஸ்டோலரைத் திறந்தால் கேள்விகள் ஜேர்மன் மொழியில் வந்து நிற்கின்றன. நேர வலயம், பெயர் போன்றவற்றில் பிழை விட்டால் பிறகு திருத்திக்கொள்ளலாம். டிஸ்க்கைப் பிரிக்கும் திரையில் மட்டும் ஒரு தவறான சொடுக்கு பத்து வருடப் படங்களைக் கொண்டுபோய்விடும்.

முதல் வேலை, பின்னோக்கிப் போகும் பொத்தானை அழுத்தி மொழிப் பட்டியலுக்குத் திரும்புவது. அங்கே ஒவ்வொரு மொழியும் அதனதன் எழுத்திலேயே இருப்பதால் ‘தமிழ்’ என்பதைத் தேடிப் பிடிக்கலாம். ஆனாலும் இது எல்லா இடத்திலும் கைகொடுப்பதில்லை. தமிழாக்கம் பாதியில் நிற்கும் இன்ஸ்டோலர்கள் உண்டு. டெபியனின் எழுத்துத் திரை இன்ஸ்டோலரில் தமிழைத் தெரிவுசெய்ய முடியாது. வரைகலை இன்ஸ்டோலரில்தான் முடியும். பல லினக்ஸ் வகைகள் பயன்படுத்தும் Calamares இன்ஸ்டோலரில், இணையத் தொடர்பை வைத்து நாட்டை ஊகித்து மொழியை முன்வைக்கும் வசதி இருக்கிறது. அந்த வசதியை இயக்கியிருந்தால், இலங்கைக்கு அது எடுத்துத் தருவது சிங்களம். சிங்களம் பேச வருபவருக்கும் அதிலுள்ள கணினிச் சொற்கள் புதியவையாக இருக்கலாம். ஆகவே, எந்த மொழியிலும் மாறாத அடையாளங்களை வாசிக்கப் பழகுவதே நம்பகமான வழி.

அந்த அடையாளங்கள் நான்கு: டிஸ்க்கின் பெயர், அதன் அளவு, கோப்பு முறைமையின் பெயர், அது இணையும் இடம். `/dev/nvme0n1`, `ntfs`, `ext4`, `/` ஆகியவை ஜேர்மனிலும் பிரெஞ்சிலும் சிங்களத்திலும் இதே எழுத்தில்தான் வரும்.

ஓர் உதாரணம் எடுப்போம். லப்டொப்பின் உள்ளே 256 ஜிபி எஸ்எஸ்டி, அதில் விண்டோஸ். வெளியே யூஎஸ்பி வயரில் 1 டிபி ஹாட் டிஸ்க், அதில் குடும்பப் படங்கள். இன்ஸ்டோலர் இருப்பது 16 ஜிபி பென் டிரைவில். லினக்ஸுக்காக விண்டோஸுக்குள்ளேயே சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபி அளவு வெற்றிடம் விட்டாயிற்று. இன்ஸ்டோலரைத் தொடும் முன், டெர்மினலைத் திறந்து இதை அடிக்கலாம்:

```
lsblk -d -e 7 -o NAME,SIZE,TRAN
NAME      SIZE TRAN
sda     931.5G usb
sdb      14.5G usb
nvme0n1 238.5G nvme
```

இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, `sda` என்றால் உள்ளே இருக்கும் முதல் டிஸ்க் என்று பலர் மனதில் வைத்திருப்பது. அந்த எழுத்து, மெஷின் எதை முதலில் கண்டது என்பதை மட்டுமே சொல்கிறது. இங்கே `sda` ஆகியிருப்பது படங்கள் உள்ள வெளி டிஸ்க். அடுத்த முறை மெஷினைப் போடும்போது எழுத்துகள் இடம் மாறியிருக்கவும் கூடும். இரண்டாவது பொறி அளவு. டிஸ்க் தயாரிப்பவர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். `lsblk` 1024-இன் மடங்குகளில் கணக்கிடுகிறது. அதனால் 1 டிபி என்பது 931.5 ஆகவும், 256 ஜிபி என்பது 238.5 ஆகவும் தெரிகின்றன. மின்ட் இன்ஸ்டோலரோ அதே எஸ்எஸ்டியை 256060 MB என்று, தயாரிப்பவர் கணக்கிலேயே காட்டும். எண் ஒத்துவரவில்லையே என்று குழம்ப வேண்டாம். மூன்றும் ஒரே டிஸ்க்தான்.

சந்தேகம் தீர இன்னும் எளிய சோதனை இருக்கிறது. வெளி டிஸ்க்கை முறையாகக் கழற்றிவிட்டு அதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள். பட்டியலிலிருந்து எந்த வரி மறைந்ததோ அதுதான் அந்த டிஸ்க். பிறகு நிறுவல் முடியும்வரை அதைத் திரும்பச் செருக வேண்டாம். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உபுண்டுவின் பழைய இன்ஸ்டோலரும் அதைப் பின்பற்றும் மின்ட்டும், புதிய யூஈஎஃப்ஐ மெஷின்களில், பூட்லோடருக்கு நாம் எந்த டிஸ்க்கைத் தெரிவுசெய்தாலும் முதல் டிஸ்க்கில் உள்ள ஈஎஃப்ஐ பகுதியிலேயே அதை எழுதிவிடுவது நெடுநாள் அறியப்பட்ட குறை. வெளி டிஸ்க் செருகியிருக்காவிட்டால் பூட்லோடர் அதற்குள் போக வழியில்லை.

இனி இன்ஸ்டோலர். நிறுவும் முறையைக் கேட்கும் திரையில், விண்டோஸைக் கண்டுகொண்டால் அதோடு சேர்த்து நிறுவும் தெரிவு மேலே நிற்கும். முழு டிஸ்க்கையும் அழிக்கும் தெரிவின் கீழே சிவப்பில் ஓர் எச்சரிக்கை இருக்கும். ஜேர்மனில் அந்த வரியில் `löschen` என்ற சொல்லைக் காணலாம். விண்டோஸைக் கண்டுகொள்ளாவிட்டால், ஏற்கெனவே தெரிவாகி நிற்பது இந்த அழிக்கும் தெரிவாகவே இருக்கும். பார்க்காமல் முன்னோக்கி அழுத்துபவர் மாட்டுவது இங்கேதான். நமக்கு வேண்டியது பட்டியலின் கடைசித் தெரிவு, நாமே பிரித்துக்கொள்வது.

அதைத் திறந்தால் அட்டவணை ஒன்று வரும். `nvme0n1p1` என்பது 100 எம்பி அளவுள்ள ஈஎஃப்ஐ பகுதி. மெஷின் விண்டோஸை எழுப்பத் தேடும் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. பெரிதாக `ntfs` என்று நிற்பது சி டிரைவ். எந்தக் கோப்பு முறைமையும் எழுதப்படாமல் ஏறத்தாழ 60 ஜிபி அளவில் நிற்கும் வரிதான் நாம் விட்ட வெற்றிடம். அதை மட்டும் சொடுக்கி, கூட்டல் குறியை அழுத்தி, வகையில் `Ext4` என்று தொடங்குவதையும் இணையும் இடத்தில் `/` குறியையும் தெரிவுசெய்ய வேண்டும். ஜேர்மன் விசைப்பலகையில் `/` குறி 7-இன் மேல் இருப்பதால், அடிப்பதைவிடக் கீழ்விரி பட்டியலில் எடுப்பது சுலபம்.

இப்போது அட்டவணையில் போர்மட் பெட்டிகள் உள்ள பத்தியை மேலிருந்து கீழாகப் பாருங்கள். சரி அடையாளம் புதிய `ext4` வரியில் மட்டும் இருக்க வேண்டும். ஈஎஃப்ஐ வரியில் அது விழுந்திருந்தால் உங்கள் கோப்புகள் போகாது, ஆனால் விண்டோஸ் எழும்பாது. `ntfs` வரியில் விழுந்திருந்தால் எல்லாமே போகும்.

கடைசியாக ஒரு சிறு பெட்டி எழும்பி, எந்தப் பகுதிகள் போர்மட் ஆகும் என்று பட்டியலிடும். மொழி எதுவானாலும் அந்தப் போர்மட் பட்டியலில் `/dev/nvme0n1`, பகுதி எண் 5, `ext4` என்ற ஒரே வரிதான் இருக்க வேண்டும். ஏற்கெனவே நான்கு பகுதிகள் இருப்பதால் புதியது ஐந்தாவது. அதில் `sda` இருந்தாலும், `ntfs` இருந்தாலும் பின்வாங்குங்கள். இந்தப் பெட்டிக்குச் சம்மதம் சொல்லும்வரை டிஸ்க்கில் எதுவும் எழுதப்படுவதில்லை. பகுதியைச் சுருக்குவது மட்டும் விதிவிலக்கு. இன்ஸ்டோலருக்குள் சுருக்கினால் அது உடனே நடந்துவிடும். விண்டோஸிலேயே அதை முடித்துவிட்டு வந்தது அதற்காகத்தான்.

தவறிவிட்டால்? மெஷினை உடனே நிறுத்துங்கள், அந்த டிஸ்க்கில் வேறெதையும் எழுதாதீர்கள். சுழலும் ஹாட் டிஸ்க்கில் பகுதி அட்டவணை மட்டும் அழிந்திருந்தால், டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவி பெரும்பாலும் அதைத் தேடி மீட்கும். போர்மட் ஆகியிருந்தாலும் ஃபோட்டோரெக் படங்களைப் பொறுக்கியெடுக்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் அந்த நம்பிக்கை மிகக் குறைவு. `ext4` ஆகப் போர்மட் செய்யும் `mkfs.ext4`, அந்தப் பகுதியில் இருந்தது எதுவும் இனித் தேவையில்லை என்று வழமையாகவே எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது. எஸ்எஸ்டியும் அவற்றைக் காலிசெய்துவிடுகிறது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும், அப்படிக் காலியானதைத் திரும்ப எடுக்கும் மென்பொருள் கிடைக்காது. ஆகவே சி டிரைவில் முக்கியமானவை இருந்தால், சுருக்குவதற்கு முன்பே அவற்றின் பிரதி அந்த 1 டிபி டிஸ்க்குக்குப் போயிருக்க வேண்டும்.