தாளிப்பும் தனிச்சீரும்

கடுகைப் போட்ட பிறகு உளுத்தம்பருப்பை எப்போது போடுவது என்று எந்தச் சமையல் குறிப்பும் நொடிக் கணக்கில் சொல்வதில்லை. ‘கடுகு வெடித்ததும்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். அந்த ‘வெடித்ததும்’ என்ற இடத்தில் கை சும்மா இருக்கிறது, காதுதான் வேலை செய்கிறது. படபடப்பு அடங்கும் முன்பே பருப்பைக் கொட்டினால் பாதிக் கடுகு வேகாமல் நின்று பல்லில் கசக்கும். அசந்துவிட்டால் கருகிப்போகும். குறிப்பில் உள்ள சொல் ஓர் அடையாளம் மட்டும். நேரத்தைச் சொல்வது எண்ணெயும் கடுகும்தான்.

பாட்டின் ஓர் அடிக்கு நடுவில் வரும் நிறுத்தமும் இப்படித்தான் இயங்குகிறது. மேல்நாட்டு யாப்பில் இதைச் ‘சீசுரா’ என்பார்கள், வடமொழியிலும் மராத்தியிலும் ‘யதி’. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று தமிழ் யாப்பு எண்ணும் ஆறு உறுப்புகளில் நிறுத்தத்துக்கென்று ஓர் உறுப்பு கிடையாது. ஆனால் அந்த வேலையைச் சீர்க்கணக்கும் எதுகை மோனையும் பங்கு போட்டுச் செய்துகொண்டிருக்கின்றன. அச்சில் தெரியும் காற்புள்ளியும் சிறுகோடும் பின்னால் வந்து சேர்ந்தவை, சமையல் குறிப்பில் எழுதியிருக்கும் ‘வெடித்ததும்’ போல.

டோம்பிவிலியில் எங்கள் கட்டடத்துத் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு ஞாயிறு காலையில் வாய்விட்டுப் படிக்கப் பழக்குகிறேன். பள்ளியில் அவர்களுக்கு மராத்தியும் இங்கிலீஷும்தான். தமிழ் எழுத்து கூட்டத் தெரியும், நிறுத்தத் தெரியாது. பெரிய புலவர்களின் பாட்டை வைத்துத் தடுமாறவிட வேண்டாம் என்று, அவர்கள் அன்றாடம் பார்க்கும் காலை நேர லோக்கல் ரயிலை வைத்து நானே ஒரு நேரிசை வெண்பா கட்டினேன். கவிதை என்று மெச்சிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. நிறுத்தம் பழக ஆகும்.

வண்டி வருமுன்னே வாய்நிறையப் பேசியவர்
கண்டதும் பாய்ந்தேறிக் காணவில்லை - மண்டும்
நெரிசலில் மூச்சு நிறையவிட ஏது
வரிநடுவில் போலோர் வழி?

முதல் மூன்று அடியிலும் நான்கு நான்கு சீர், கடைசி அடியில் மூன்று. இரண்டாம் அடியின் நான்காம் சீருக்கு முன்னால் ஒரு சிறுகோடு இருக்கிறதே, அதற்குப் பின்னால் நிற்பதுதான் தனிச்சீர். தனிச்சொல் என்றும் சொல்வார்கள். வண்டி, கண்டதும், மண்டும் என்று மூன்றுக்கும் ஒரே எதுகை. அதாவது முதலிரண்டு அடிகளின் தொடக்கத்தில் கேட்ட ஓசை, இரண்டாம் அடி முடிகிற இடத்தில் மறுபடி வந்து காதைத் தொடுகிறது. அந்தத் தொடுகைக்கு இடம் கிடைக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் குரல் நின்றாக வேண்டும். ஆகவே சிறுகோட்டை அழித்துவிட்டாலும் நிறுத்தம் அங்கேயேதான் இருக்கும்.

இப்போது பொருளைப் பாருங்கள். ‘காணவில்லை’ என்பதோடு ஒரு வாக்கியம் முடிந்துவிட்டது. ‘மண்டும்’ என்பது ‘நெரிசல்’ என்ற சொல்லுக்கு அடைமொழி. அடுத்த வாக்கியத்தின் முதல் சொல். ஆனால் இடத்தால் அது இரண்டாம் அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அடி ஒரு பக்கம் இழுக்கிறது, பொருள் மறுபக்கம் இழுக்கிறது. வெண்பாவை வாய்விட்டுப் படிப்பதில் உள்ள சிக்கலும் ருசியும் இந்த ஒரு சீரில்தான் இருக்கின்றன.

மாடி வீட்டுப் பெண் முதலில் படித்தபோது ஒவ்வோர் அடியின் முடிவிலும் குரலை இறக்கி நிறுத்தினாள். கேட்டவர்களுக்கு ‘காணவில்லை மண்டும்’ என்று ஒரு புரியாத ஜோடி விழுந்தது. அடுத்த முறை சிறுகோட்டில் நின்றாள், சரி. ஆனால் ‘மண்டும்’ முடிந்ததும் மறுபடி மூச்சு வாங்கினாள். அந்தச் சொல் இரண்டு பக்கமும் சொந்தம் இல்லாமல் அநாதையாக நின்றது. அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான். ‘பேசியவர்’ என்ற இடத்தில் லேசாகத் தாங்கு, குரலை இறக்காதே, எழுவாய்க்கு இன்னும் பயனிலை வரவில்லை. ‘காணவில்லை’யில் குரலை இறக்கி நன்றாக நில், மூச்சை அங்கே எடுத்துக்கொள். ‘மண்டும்’ என்பதைப் புதிதாக, கொஞ்சம் உயர்த்தித் தொடங்கு. அடி முடிகிறதே என்று நிற்காமல், ‘டும்’ என்பதைச் சற்றே நீட்டியபடி ‘நெரிசலில்’ என்பதற்குள் போய்விடு.

மூன்றாம் அடியில் இன்னொரு கண்ணி. கேள்விக்குறி கடைசி அடியின் முடிவில்தான் நிற்கிறது. கேள்வியோ ‘ஏது’ என்ற சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. குறியைக் கண்ட பிறகு குரலை உயர்த்தப் போனால் ‘வழி’ என்ற ஒரு சொல் மட்டும் திடீரென்று கத்தும். கண் குரலுக்கு முன்னால் அரை அடியாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தமிழில் ‘ஏது’, ‘யார்’, ஓர் ஆகாரம் என்று கேள்வியைச் சொல்லே காட்டிவிடுவதால் கேள்விக்குறிக்கு வேலை கொஞ்சம்தான். குறி இல்லாமலே படித்துப் பழகிய தலைமுறைகள் இதை நம்பித்தான் படித்தன.

அந்தத் தலைமுறைகளின் கையில் இருந்தது ஓலை. அதில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை, பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட இல்லை, அடியை மடக்கி எழுதும் வழக்கமும் இல்லை. ஓலையின் விளிம்பு வரை எழுத்து ஓடும். எங்கே நிற்பது என்று எதுகையும் மோனையும்தான் சொல்லின. உரைநடைக்கு எதுகை இல்லையே! அச்சும் உரைநடையும் சேர்ந்து பரவிய 19ஆம் நூற்றாண்டில்தான் குறிகள் தேவைப்பட்டன. தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை ஒழுங்காகக் கையாண்டு நிலைநாட்டியவர் என்று யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரை (1822–1879) சொல்வார்கள். நாங்கள் இருக்கும் மாநிலத்திலும் ஏறக்குறைய அதே காலம். மராத்திக்கு இந்தக் குறிகளைக் கொண்டுவந்தவர் என்று மேஜர் தாமஸ் காண்டியின் பெயரைச் சொல்கிறார்கள்.

நம் பள்ளி இலக்கணம் குறிகளுக்கு அளவும் தந்திருக்கிறது. காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை நேரம், அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு. மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம். இதை நொடிமுள் பார்த்துக் கடைப்பிடித்தால் படிப்பு கணக்குப் பாடம் ஆகிவிடும். இவை விகிதங்கள். சின்னக் கரண்டியில் தாளிக்கும்போது கடுகு சட்டென்று வெடித்து முடியும், கல்யாணச் சமையல் வாணலியில் நேரமாகும். எதில் தாளித்தாலும் கடுகு, பருப்பு, கறிவேப்பிலை என்ற முறை மாறாது. மெதுவாகப் படிக்கும் தாத்தாவின் காற்புள்ளி, வேகமாகப் படிக்கும் பேத்தியின் முற்றுப்புள்ளி அளவுக்கு நீளலாம். ஆனால் ஒருவர் வாசிப்புக்குள் சிறியது சிறியதாகவும் பெரியது பெரியதாகவும் இருக்க வேண்டும். செல்போனில் பதிவு செய்து கேட்டால் இது உடனே பிடிபடும். எல்லா நிறுத்தமும் ஒரே நீளத்தில் விழுந்தால், படிப்பவர் பொருளை விட்டுவிட்டு மூச்சைத் தொடர்ந்து போகிறார் என்று அர்த்தம்.

குறிகளை அப்படியே நம்பவும் முடியாது. காற்புள்ளி சில இடங்களில் மூச்சுக்காகவும் சில இடங்களில் பொருளைப் பிரிக்கவும் போடப்படுகிறது. ‘புதிய மாமியின் சேவை நாழி’ என்றால் புதிதாக வந்தவர் மாமி. ‘புதிய, மாமியின் சேவை நாழி’ என்றால் நாழி புதிது. இங்கே காற்புள்ளியில் அரை மாத்திரை தயங்கினாலே போதும், குரல் தூக்கலாக நின்றால் பொருள் பிரிந்துவிடும். (‘மாமியின் புதிய சேவை நாழி’ என்று எழுதியிருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. காற்புள்ளியை வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிற வாக்கியங்களில் பாதி, மாற்றி எழுத வேண்டியவை.) ‘அரிசி, பருப்பு, புளி, மிளகாய்’ என்ற பட்டியலிலோ மூன்று இடத்திலும் ஒரே அளவாக நின்றால் ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவது போல இருக்கும். கடைசிக்கு முன்னால் மட்டும் லேசாகத் தாங்கினால் காதுக்குப் பட்டியல் முடியப்போவது தெரிந்துவிடும். அச்சில் இந்த இரண்டு காற்புள்ளிக்கும் ஒரே உருவம்தான்.

நடு நிறுத்தம் வெண்பாவின் தனிச்சீரோடு முடிந்துவிடுவதில்லை. ஆசிரிய விருத்தத்தில் அடி நீளமானது. எண்சீர் அடியை நான்கும் நான்குமாக அரையடியாகப் பிரித்து, இரண்டாம் பாதியை அச்சில் கொஞ்சம் உள்தள்ளிப் போடுவார்கள். அந்த ஐந்தாம் சீர் பெரும்பாலும் முதல் சீரோடு மோனை கொள்ளும். நின்ற இடத்துக்கு அப்பால் பழைய ஓசை மறுபடி கேட்பதால் இரண்டு பாதியும் ஒரே அடி என்று காது ஏற்றுக்கொள்கிறது. பழைய ஆங்கிலப் பாட்டான ‘பேவுல்ஃப்’ இதே தந்திரத்தைச் செய்கிறது: அடிக்கு நடுவில் பிளவு, பிளவைத் தாண்டிக் கட்டுவது சொல்முதல் ஓசை. வடமொழி மந்தாக்கிராந்தாவில் வேறு முறை. பதினேழு அசையை நான்கு, ஆறு, ஏழு என்று எண்ணியே யதி விழுகிறது. எங்கள் பிள்ளைகளில் பெரியவர்கள் மராத்தி வகுப்பில் இந்த எண்ணிக்கையைப் படித்துவிட்டு, தமிழிலும் விரலை மடக்கத் தொடங்குகிறார்கள். தமிழில் எழுத்தை எண்ணிப் பயனில்லை, சீரை எண்ண வேண்டும் என்பதை அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் தொல்லை செல்போன் திரை. நான்கு சீர் அடி திரையின் அகலத்துக்குள் அடங்காமல் மூன்றாம் சீரிலேயே மடிந்துவிடுகிறது, நான்காவது சீர் ஒற்றையாய்க் கீழே விழுகிறது. வெண்பாவில் எல்லா அடியிலும் தனிச்சீர் இருப்பது போல ஒரு மயக்கம்! சில பிரதிகளில் சிறுகோடும் காணாமல் போய், ‘மண்டும்’ மூன்றாம் அடியின் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. பொருள் கெடாது, எதுகைதான் கெடும், இரண்டாம் அடி மூன்று சீராய்க் குறைந்து நிற்கும். அதனால் படிக்கும் முன் சீரை எண்ணிக்கொள்ளச் சொல்கிறேன்: நான்கு, நான்கு, நான்கு, மூன்று. கணக்கு இடித்தால் போனைப் படுக்கை வாட்டில் திருப்பிப் பார்க்க வேண்டும், அப்போதும் இடித்தால் நோட்டில் ஒருமுறை அடி அடியாக எழுதிக்கொண்டு, எட்டாவது சீருக்கு முன்னால் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.