வரம்புக்குக் கீழே ஒரு கோடி

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், அவசர சிகிச்சைத் துறையின் நிதி, நிர்வாகப் பொறுப்பு ஓர் இயக்குநரிடம் இருந்தது. துறைக்குத் தேவையான பொருள்களை 10,000 டாலருக்குக் குறைவான தொகையில் வாங்க, மேலிடத்தைக் கேட்காமல் அவரே ஒப்புதல் தரலாம். 2013-லிருந்தாவது அவர் அந்த அதிகாரத்தைத் திருட்டுக்குப் பயன்படுத்தினார். கணினிச் சாதனங்களை மருத்துவ ஆய்வுக்கென்று பொய்க் காரணம் எழுதி வாங்கி, வேறு மாநிலத்து வியாபார நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பிக் காசாக்கினார். ஒவ்வொரு ஆர்டரையும் 10,000 டாலரைத் தொடாதபடி உடைத்துப் போட்டார். 2021-இல் அகப்பட்டபோது பல்கலைக்கழகத்தின் இழப்பு 4 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 2022 அக்டோபரில் அவருக்கு ஒன்பது ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

மொத்தத் தொகையும் அந்த வரம்புக்குள்ளேயே போயிருந்தால், 4,000-க்கு மேற்பட்ட ஆர்டர்கள் போயிருக்க வேண்டும். தனித்தனியே பார்த்தால் அவை எல்லாமே விதிப்படி சரியானவை. அங்கே ஒப்புதல் முறை இருக்கத்தான் செய்தது. அது ஒரு காகிதத்தின் தொகையை மட்டும் பார்த்தது. காகிதங்களைக் கூட்டிப் பார்க்கவில்லை.

பெரிய கொள்முதலுக்கான ஒப்புதல் வரிசையை அமைப்பவர்கள் பெரும்பாலும் ஓர் அட்டவணையில்தான் தொடங்குகிறார்கள். இத்தனை ரூபாய் வரை துறைத் தலைவர், அதற்கு மேல் கண்காணிப்பாளர், அதற்கும் மேல் நிர்வாக இயக்குநர். அட்டவணை தேவைதான். ஆனால் 'இத்தனை ரூபாய்' என்று எதைச் சொல்கிறோம் என்பதை முடிவு செய்யாமல் அதை எழுதினால், ஓட்டையையும் சேர்த்தே எழுதியதாகிவிடும்.

இருநூறு படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையைக் கற்பனை செய்துகொள்வோம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் தலைவர் ஒரு லட்சம் ரூபாய் வரை ஒப்புதல் தரலாம். சலவைப் பிரிவின் பொறுப்பாளர் 25,000 வரை. பதவியின் உயரம் இந்த வித்தியாசத்துக்குக் காரணமில்லை. பரிசோதனைக் கூடம் வாரந்தோறும் 80,000 ரூபாய்க்கு வேதிப்பொருள் வாங்கும் இடம். அதன் வரம்பையும் 25,000 என்று வைத்தால் வழக்கமான ஒவ்வொரு இண்டெண்டும் மேலே ஏறும். மேலே இருப்பவர் படிக்காமலே கையெழுத்துப் போடப் பழகிவிடுவார். அதனால் ஓராண்டின் பர்ச்சேஸ் ஆர்டர்களைத் துறைவாரியாக, தொகைவாரியாக அடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வரம்பு குறிக்க வேண்டும். துறைத் தலைவருக்கு மேலே, கண்காணிப்பாளருக்கு 5 லட்சம், நிர்வாக இயக்குநருக்கு 25 லட்சம், அதைத் தாண்டினால் நிர்வாகக் குழு என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது பரிசோதனைக் கூடம் உயிர்வேதியியல் பரிசோதனை இயந்திரம் ஒன்று கேட்கிறது. விலை 4.5 லட்சம். கண்காணிப்பாளர் கையெழுத்தோடு முடிகிற தொகைதான். ஆனால் இத்தகைய இயந்திரங்கள் பலவும் தயாரிப்பாளரின் வேதிப்பொருளை மட்டுமே ஏற்கும். அது மாதம் 60,000 ரூபாய் என்றால் ஐந்து ஆண்டுகளில் 36 லட்சம். முதலாண்டு உத்தரவாதம் போக, மீதி நான்கு ஆண்டுக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் ஆண்டுக்கு 40,000 வீதம் 1.6 லட்சம். ஆக, மருத்துவமனை உண்மையில் தலையில் ஏற்றிக்கொள்ளும் செலவு 42.1 லட்சம். இது நிர்வாகக் குழு வரை போக வேண்டிய முடிவு. விலைச்சீட்டில் உள்ள தொகையைப் பார்த்து வழி தீர்மானிக்கும் முறை, இதைக் கண்காணிப்பாளரின் மேசையிலேயே நிறுத்திவிடும். எனவே இண்டெண்ட் படிவத்தில், ஆயுட்காலச் செலவுக்கு ஒரு கட்டம் இருக்க வேண்டும். எந்த வரம்பு பொருந்தும் என்பதை அந்தத் தொகைதான் சொல்ல வேண்டும். வரியையும் சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் எழுதி வைப்பது நல்லது. 4.4 லட்சம் ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீத வரி என்றால் தொகை 5.19 லட்சமாகி, வரம்பைத் தாண்டிவிடுகிறது.

அடுத்தது, உடைத்துப் போடும் தந்திரம். இந்திய அரசின் பொது நிதி விதிகள் இதை வெளிப்படையாகவே தடை செய்கின்றன. 2017-ஆம் ஆண்டு விதிகளின் 157-ஆம் விதி, மேலதிகாரியின் அனுமதியைத் தவிர்ப்பதற்காக ஒரு தேவையைச் சிறு சிறு அளவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. மொத்தத் தேவையின் மதிப்பீட்டை வைத்தே அனுமதி பெற வேண்டும். தடை எழுதினால் மட்டும் போதாது, அதைக் கணக்கிடும் வழியும் வேண்டும். நம் மருத்துவமனையில் ஒரே துறை, ஒரே விற்பனையாளரிடமோ ஒரே வகைப் பொருளிலோ கடந்த 30 நாளில் போட்ட ஆர்டர்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை வரம்போடு ஒப்பிடலாம். 95,000 ரூபாய் வீதம் எட்டு ஆர்டர் என்றால் 7.6 லட்சம். இரண்டாவது ஆர்டரிலேயே கூட்டுத்தொகை துறைத் தலைவரின் வரம்பைத் தாண்டும், ஆறாவதில் 5.7 லட்சமாகி நிர்வாக இயக்குநரிடம் போகும்.

இந்த விதி நேர்மையானவர்களையும் நிறுத்தும் என்பதை மறுக்க முடியாது. கையுறையும் ஊசியும் மாதம் முழுக்க வாங்கியாக வேண்டிய பொருள்கள். கூட்டிக்கொண்டே போனால் பத்தாம் தேதிக்குள் வரம்பு முடிந்துவிடும். அப்படிப்பட்ட பொருள்களுக்கு ஆண்டு விலை ஒப்பந்தம் போட்டு, முழு ஆண்டுத் தொகைக்கும் உரிய மட்டத்தில் ஒரே தடவை ஒப்புதல் வாங்கிவிடலாம். பிறகு அந்த விலைக்கு, அந்த அளவுக்குள் துறைத் தலைவரே அவ்வப்போது வரவழைத்துக்கொள்வார்.

யேல் விவகாரத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, வாங்கிய பொருள். அவசர சிகிச்சைத் துறை, ஆண்டுக் கணக்கில் கணினிச் சாதனங்களை ஏராளமாக வாங்கியது. யார் கேட்டாலும், எவ்வளவு சிறிய தொகையானாலும், கணினி என்றால் கணினிப் பிரிவைத் தொட்டுத்தான் போக வேண்டும் என்று வழி அமைந்திருந்தால், முந்தைய சாதனங்கள் எங்கே என்ற கேள்வி வெகு சீக்கிரம் எழுந்திருக்கும். தொகை வரம்பு, கோரிக்கை எவ்வளவு உயரம் போக வேண்டும் என்பதைச் சொல்கிறது. பொருளின் வகைதான் பக்கவாட்டில் யாரிடம் போக வேண்டும் என்பதைச் சொல்கிறது.

கையெழுத்தை அடுக்கிக்கொண்டே போவதாலும் பயனில்லை. ஐந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்கும் வரிசையில், மற்ற நால்வர் பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நம்புவார்கள். தேவை உண்டா என்பதைத் துறைத் தலைவரும், கருவி பொருத்தமா என்பதை மருத்துவக் கருவிப் பொறியாளரும், இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் பணம் இருக்கிறதா என்பதைக் கணக்குப் பிரிவும், விலை நியாயமா என்பதைக் கொள்முதல் பிரிவும் பார்த்து எழுதட்டும். கேட்டவரே ஒப்புதல் தரக் கூடாது. துறைத் தலைவரே கேட்டால், தொகை அவர் வரம்புக்குள் இருந்தாலும், அடுத்த மட்டம் பார்க்க வேண்டும். விடுப்பில் போகிறவர் தன் அதிகாரத்தை ஒப்படைக்கும்போதும் இதே விதிதான்: பொறுப்பேற்றவர் தான் போட்ட இண்டெண்டைத் தானே ஒப்புக்கொள்ள முடியாது.

முறை வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு லட்சம் வரம்பு என்றால், 90,000-க்கும் ஒரு லட்சத்துக்கும் இடையே விழுந்த ஆர்டர்களை எண்ணி, 80,000-க்கும் 90,000-க்கும் இடையே விழுந்தவற்றோடு ஒப்பிட வேண்டும். வரம்பின் விளிம்பில் மட்டும் கூட்டம் அதிகமென்றால், அந்த ஆர்டர்களின் விற்பனையாளர், தேதி, பொருளை இறக்கிய இடம் மூன்றையும் எடுத்துப் பார்க்கலாம். சில சமயம் திருட்டு இராது. மேலே போன கோப்பு மூன்று வாரம் தூங்குவதால் ஊழியர்கள் சுற்றுவழி கண்டுபிடித்திருப்பார்கள். அப்போது திருத்த வேண்டியது மேல்மட்டத்தின் வேகத்தை.

அவசரத்துக்கும் தனி வழி வேண்டும். நள்ளிரவில் செயற்கைச் சுவாசக் கருவி பழுதானால் யாரும் குழுக் கூட்டத்துக்குக் காத்திருக்க முடியாது. பணி மருத்துவர் குறிப்பிட்ட தொகை வரை உடனே வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ செய்து, அடுத்த வேலை நாளுக்குள் காரணத்தை எழுதி முறையான ஒப்புதல் பெறட்டும். ஒரே துறை ஒரு மாதத்தில் மூன்றாவது முறை இந்த வழியில் வந்தால், அந்த மூன்று கோப்புகளும் சேர்ந்து நிர்வாக இயக்குநரிடம் போகும். கருவிகள் பழையனவா, திட்டமிடல் தவறா என்பதை அவர் கேட்டாக வேண்டும்.