‘சும்மா ஒரு தடவை பார்த்துக் கொடுங்க’

ஓர் உதாரணம். பணி ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் தன் அனுபவங்களை எழுதி முடித்திருக்கிறார். மொத்தம் 60,000 சொற்கள். சொந்தமாக எடிட்டிங் தொழில் செய்யும் ஒருவரை போனில் அழைத்து, “சும்மா ஒரு தடவை பார்த்துக் கொடுங்க சார், எவ்வளவு ஆகும்?” என்கிறார். விவரமான எடிட்டர் அங்கேயே தொகை சொல்லிவிட மாட்டார். ஃபைலை வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கத்தில் ஒரு முன்மொழிவு அனுப்புவார்.

முதலில் வருவது வேலையின் எல்லை. ‘பார்த்துக் கொடுப்பது’ என்றால் அத்தியாயங்களை மாற்றி அடுக்குவதாகவும் இருக்கலாம், வாக்கியம் வாக்கியமாகச் செம்மை செய்வதாகவும் இருக்கலாம், அச்சுக்கு முன் புரூப் பார்ப்பதாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் உழைப்பு வேறு. நம் எடிட்டர் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறார். எழுத்துப் பிழை, சந்திப் பிழை, ஒருமை பன்மை மயக்கம், ஒரே ஊரின் பெயர் இரண்டு விதமாக வருவது, ஆண்டுகள் ஒன்றுக்கொன்று இடிப்பது ஆகியவற்றைக் கவனிப்பதாக எழுதுகிறார். அதற்குக் கீழேயே, செய்யாதவற்றையும் சொல்லிவிடுகிறார்: புதிதாக எழுதித் தருவது, பக்கம் வடிவமைத்த பிறகு புரூப் பார்ப்பது, மேற்கோள்களுக்கு அனுமதி வாங்குவது. பின்னால் வரும் மனத்தாங்கல்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது பட்டியல் இல்லாததால் வருபவை.

அடுத்தது விலை. எடிட்டர் நூலின் நடுப்பகுதியிலிருந்து 1,000 சொற்களை எடுத்துத் திருத்திப் பார்க்கிறார். முதல் அத்தியாயத்தை எழுதியவரே பலமுறை சீவிச் சிங்காரித்திருப்பார். புத்தகத்தின் உண்மையான நிலை நடுவில்தான் தெரியும். அந்த 1,000 சொற்களுக்கு 40 நிமிடம் பிடித்தது. அப்படியானால் 60,000 சொற்களுக்கு 40 மணி நேரம். எடிட்டரின் கேள்விகளுக்கு ஆசிரியர் பதில் எழுதி அனுப்பியபின் இன்னொரு முறை படிக்க 10 மணி நேரம், கடிதப் போக்குவரத்துக்கு 6 மணி நேரம். ஆக 56 மணி நேரம். மணிக்கு 500 ரூபாய் என்று வைத்தால் 28,000 ரூபாய். இதில் 14,000 முன்பணம், முதல் சுற்றுத் திருத்தம் கைக்கு வந்ததும் 10,000, முடிந்ததும் 4,000. கடைசித் தவணை சிறிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆசிரியர் பதில் சொல்ல மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டாலும், செய்த வேலைக்கான பணம் பெரும்பாலும் வந்துவிட்டிருக்கும்.

மூன்றாவது பகுதி அனுமானங்கள். ‘இன்னின்னதை நம்பித்தான் இந்த விலை; அது மாறினால் இப்படி’ என்று சொல்லும் இடம் இது. ஃபைல் யூனிகோடில் இருக்கும் என்பது முதல் அனுமானம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றும்போது ‘கௌ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கெள’ வந்து உட்காரும் வகைப் பிழைகள் நூல் முழுக்க முளைக்கலாம். அந்த வேலைக்குத் தனிக் கட்டணம்.

இரண்டாவது அனுமானம், சொற்கணக்கு முதலில் அனுப்பிய ஃபைலின்படியே என்பது. தமிழில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ‘போய்க் கொண்டிருந்தார்’ என்று பிரித்தால் இரண்டு சொல், சேர்த்தால் ஒன்று. எடிட்டர் சேர்த்துக்கொண்டே போனால் சொற்கணக்கு தானாகக் குறையும்.

மூன்றாவது, எழுத்து வேலை முடிந்துவிட்டது என்பது. 5 சதவீதம், அதாவது 3,000 சொற்கள் வரை கூடினால் கட்டணம் இல்லை. அதற்கு மேல் சொல்லுக்கு 50 பைசா. வேலை பாதியில் இருக்கும்போது வங்கி அதிகாரிக்குப் பணியிட மாற்றத்தில் போன ஊர் நினைவுக்கு வந்து, 9,000 சொற்களில் இரண்டு அத்தியாயங்கள் அனுப்புகிறார். சலுகை போக மிச்சம் 6,000 சொற்கள். கூடுதல் 3,000 ரூபாய். இந்த வரி முன்மொழிவில் இல்லாவிட்டால் எடிட்டர் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டே இலவசமாகச் செய்திருப்பார், அல்லது “நடுவிலே காசு கேட்கிறாரே” என்று ஆசிரியர் முகம் சுளித்திருப்பார்.

நான்காவது, ஆசிரியர் தன் பதில்களைத் தொகுத்து ஒரே ஃபைலாக இரண்டு வாரத்துக்குள் அனுப்புவார் என்பது. தவறினால் முடிக்கும் தேதி தள்ளிப்போகும்.

இதே அதிகாரியிடம் இன்னொருவர் 15,000 ரூபாய் போதும் என்றால்? அது மலிவு என்று உடனே முடிவுக்கு வரக் கூடாது. அவர் எழுத்துப் பிழை மட்டும் பார்ப்பவராக இருக்கலாம். இருவரிடமும் ஒரே 1,000 சொற்களைக் கொடுத்து, திருத்தங்கள் தெரியும்படி வேர்டு ஃபைலில் வாங்கி அருகருகே வைத்துப் பார்த்தால், 13,000 ரூபாய் வித்தியாசம் எந்த வேலைக்கானது என்பது தெரிந்துவிடும்.